சுவரில் ஆழம் எப்படி வருகிறது? சுண்ணாம்புப் பூச்சு பற்றி ஓர் எளிய விளக்கம்

நாகர்கோவில் பெயிண்ட் கடைகளில் இப்போது "லைம்வாஷ் வேணும்" என்று கேட்டு வருபவர்கள் போனில் ஒரு படத்தையும் காட்டுகிறார்கள். படத்தில் சுவர் முழுக்க ஒரே நிறம்தான். ஆனால் ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் அடர்ந்தும் இருக்கிறது, பார்க்கப் பார்க்கச் சுவர் உள்ளே போவது போலத் தெரிகிறது. வால்பேப்பர் கிடையாது, படம் எதுவும் மாட்டவில்லை. லைம்வாஷ் என்றால் சுண்ணாம்புப் பூச்சுதான், ஆனால் அதைக் கேட்டு வந்தவருக்கு மூன்றில் ஒன்று கிடைக்கும்: மணல் கலந்த டெக்ஸ்சர் பெயிண்ட், "லைம்வாஷ் எஃபெக்ட்" என்று டப்பாவில் எழுதியிருக்கும் எமல்ஷன், அல்லது ஒரு மூட்டை சுண்ணாம்பு. மூன்றும் மூன்று வேறு பொருள்கள். சுவரில் அவை நடந்துகொள்ளும் விதமும் வேறு.

இந்தக் குழப்பத்தால் இரண்டு வகைப் புகார்கள் எப்போதும் காதில் விழுகின்றன. "சுண்ணாம்பு அடிச்சோம், ஆறு மாசத்துல உரிஞ்சு போச்சு" என்பது ஒன்று. "வெள்ளையடிச்ச சுவர்ல சாய்ஞ்சா சட்டையெல்லாம் வெள்ளையாயிரும், அது யாருக்கு வேணும்" என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டிலும் குற்றம் சுண்ணாம்பினுடையது அல்ல. சுண்ணாம்பு சுவரில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் ஏன் உரிந்தது, ஏன் ஒட்டியது என்பதை நாமே சொல்லிவிடலாம். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பூச்சுக்குத்தான். டெக்ஸ்சரும் ஸ்டென்சிலும் கடைசியில் சுருக்கமாக வரும்.

## ஆழம் என்பது ஒளியின் வேலை

நல்ல மெல்லிய மல் வேட்டி ஒன்றை எடுத்து, ஒற்றையாகக் கையின் மேல் போட்டுப் பாருங்கள். கை தெரியும். இரண்டாக மடித்தால் கை மங்கலாகும். நான்காக மடித்தால் கை மறைந்துவிடும், துணி வெள்ளையாகத் தெரியும். ஆனால் அந்த வெள்ளை தடித்த போர்வையின் வெள்ளை மாதிரி இருக்காது. ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் ஒளி உள்ளே போய், அடுத்த மடிப்பில் பட்டு, கொஞ்சம் திரும்பி வருகிறது. மடிப்பு எங்கே கூடுதலோ அங்கே வெள்ளை கூடுதல், எங்கே குறைவோ அங்கே குறைவு.

சுண்ணாம்புப் பூச்சு இதையேதான் செய்கிறது. ஒவ்வொரு கோட்டும் மிக மெல்லியது. அதன் வழியே ஒளி ஓரளவு உள்ளே போகும். நான்கு கோட் அடித்த சுவரில் ஒளி நான்கு அடுக்குகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. பிரஷ் எங்கே இருமுறை போனதோ அங்கே அடுக்கு தடித்திருக்கும், எங்கே லேசாகத் தொட்டதோ அங்கே கீழ்நிறம் எட்டிப் பார்க்கும். படத்தில் நாம் பார்த்த "உள்ளே போகும்" தோற்றம் இதுதான்.

எமல்ஷன் பெயிண்ட் நேர் எதிர். அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பசையில் நிறத்தூள் கலந்தது. காய்ந்ததும் சுவரின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல் உருவாகிறது. அடியில் இருப்பதை முழுதாக மறைப்பதே அதன் வேலை, அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது. ஒளி மேல்தோலிலிருந்தே சீராகத் திரும்பிவிடும். அதனால் சுவர் தட்டையாகத் தெரிகிறது. "லைம்வாஷ் எஃபெக்ட்" எமல்ஷன்களில் இரண்டு நிறங்களைத் திட்டுத்திட்டாக ஒற்றி இந்த ஏற்ற இறக்கத்தை உருவாக்குகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகாகவே இருக்கும். கிட்டே போனால் பிளாஸ்டிக் மினுக்கு தெரிந்துவிடும். எமல்ஷன் அடித்த வீட்டில் அது பொருத்தமான தேர்வுதான், சுண்ணாம்பு என்று நினைத்து வாங்காமல் இருந்தால் போதும்.

சுருக்கமாக: சுண்ணாம்பில் ஆழம் வருவது மெல்லிய அடுக்குகளால். தடித்து அடித்தால் அந்த ஆழமே போய்விடும்.

## சுண்ணாம்பு எப்படிக் கல்லாகிறது

நம் கடலோரத்தில் சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் ஒரே பொருள்: கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் சேர்ந்தால் பொங்கிக் கொதிக்கும். இப்படித் தண்ணீரில் போட்டு அடக்குவதை நீற்றுதல் என்பார்கள். நீற்றியபின் கிடைக்கும் வெண்ணிறக் களிதான் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும்.

இந்தக் களியைத் தண்ணீரில் கரைத்துச் சுவரில் பூசும்போது அது இன்னும் மென்மையான பொருள்தான். பூசிய பிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, சூளைக்குப் போவதற்கு முன் இருந்த அதே கால்சியம் கார்பனேட்டாகத் திரும்பவும் மாறுகிறது. இந்த மாற்றத்துக்குக் கார்பனேற்றம் என்று பெயர். அதாவது சுண்ணாம்புப் பூச்சு உண்மையில் காய்வதில்லை, கல்லாகிறது. மேல்பரப்பு சில நாளில் கெட்டியாகும், முழுவதும் கல்லாக வாரக்கணக்கில் ஆகும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கார்பனேற்றத்துக்கு ஈரம் வேண்டும். கரியமில வாயு முதலில் தண்ணீரில் கரைந்தால்தான் சுண்ணாம்போடு சேரும். சுவர் ஒரே மணி நேரத்தில் சுக்காக உலர்ந்துவிட்டால் சுண்ணாம்பு பாதியிலேயே நின்றுவிடும், கல்லாகாமல் பொடியாகவே இருக்கும். சட்டையில் ஒட்டும் வெள்ளைச் சுவர் அப்படித்தான் உருவாகிறது. மறுபக்கம், சுவர் ஊறிப்போய் இருந்தாலும் ஆகாது. துளைகள் தண்ணீரால் அடைபட்டிருந்தால் காற்று உள்ளே போக வழியில்லை. லேசான ஈரம், மெதுவான உலர்தல், இதுதான் சுண்ணாம்புக்குப் பிடித்த நிலை.

நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்குக் கிடைக்கிறது. ஜூன் மாதத்தில் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் சுவர் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் உலரவே உலராது. அதே மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றில், ஜன்னலைத் திறந்து வைத்தால் பூசின கை எடுப்பதற்குள் வெளுத்துவிடும். ஆகவே "எந்த மாசம் நல்லது" என்று கேட்டால் ஜனவரி, பிப்ரவரி என்று சொல்லலாம், ஆனால் அதைவிட முக்கியம் உங்கள் வீட்டுக் காற்று. காற்று அதிகமான இடத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்க்க வேண்டும். ஈரம் அதிகமான இடத்தில் திறந்துவைத்து வேலை பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: சுண்ணாம்பு காற்றை உறிஞ்சிக் கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

## எந்தச் சுவரில் பிடிக்கும்?

சுண்ணாம்புக்கு ஒட்டும் பசை கிடையாது. சுவரின் நுண்துளைகளுக்குள் நுழைந்து அங்கே கல்லாகித்தான் அது பிடித்துக்கொள்கிறது. துளை இல்லாத சுவரில் அது மேலோடு உட்கார்ந்திருக்கும், நாளடைவில் செதில் செதிலாக உதிரும். "ஆறு மாதத்தில் உரிந்துபோச்சு" என்ற புகார்கள் பெரும்பாலும் பழைய எமல்ஷன் மேல் நேரடியாகச் சுண்ணாம்பு அடித்ததால் வருபவை.

இதைத் தெரிந்துகொள்ளச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சுவரில் தெளியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தண்ணீரைச் சுவர் குடித்து, அந்த இடம் கருத்தால் சுண்ணாம்பு பிடிக்கும். முத்து முத்தாக நின்று கீழே ஓடினால் பிடிக்காது. பெயிண்ட் அடிக்காத சிமென்ட் சுவர், செங்கல், வெட்டுக்கல், பழைய சுண்ணாம்புச் சுவர் எல்லாம் குடிக்கும். எமல்ஷன், எனாமல் குடிக்காது. வெள்ளைச் சிமென்ட் புட்டி இரண்டுக்கும் நடுவே: தண்ணீரைக் குடிக்கும், ஆனால் அதிலும் பாலிமர் கலந்திருப்பதால் சிமென்ட் பூச்சு அளவுக்குப் பிடிப்பு வராது.

கடலோர வீடுகளுக்கு இன்னொரு செய்தி. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் எமல்ஷன் அடித்த சுவர் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முயல்கிறது, பிளாஸ்டிக் தோல் விடுவதில்லை, அதனால் தோல் கிளம்புகிறது. சுண்ணாம்புப் பூச்சு நீராவியை வெளியே விடும், அதனால் கொப்பளம் வராது. இது உண்மையான நன்மை. ஆனால் இதை வைத்துச் "சுண்ணாம்பு அடித்தால் ஓதம் போய்விடும்" என்று சிலர் சொல்கிறார்கள், அது தவறு. தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால், அல்லது கட்டும்போதே உப்பு மணல் கலந்திருந்தால், அந்த உப்பு வெளியே வந்து வெள்ளைப் பூவாகப் படியும். இதைத்தான் உப்பு பூத்தல் என்கிறோம். சுண்ணாம்பு அதற்கு மருந்து அல்ல. உப்பு, பூச்சோடு சேர்த்துச் சுவரையே உதிர்த்துக்கொண்டு வரும். அப்படிப்பட்ட சுவரில் முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும்.

## ஒரு சுவரை முழுதாகச் செய்து பார்ப்போம்

தக்கலை பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு ஹால் சுவரை எடுத்துக்கொள்கிறேன். 12 அடி அகலம், 10 அடி உயரம், அதாவது 120 சதுர அடி. பக்கவாட்டில் ஒரு ஜன்னல் இருப்பதால் வெளிச்சம் சுவரின் மேல் சாய்வாக விழும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல சுவர் கிடைக்காது. நேர் எதிரே இருக்கும் ஜன்னல் வெளிச்சம் எல்லா ஏற்ற இறக்கத்தையும் அழித்துவிடும், பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம்தான் அதை எடுத்துக்காட்டும்.

சுவரில் புட்டியும் எமல்ஷனும் இருந்தன. தண்ணீர் தெளித்தால் ஓடியது. ஆகவே இரண்டையும் சிமென்ட் பூச்சு வரை சுரண்டி எடுத்தார்கள். முழு வேலையிலும் கஷ்டமான பகுதி இதுதான், தூசி வீடு முழுக்கப் பரவும். இதைத் தவிர்க்கக் குறுக்குவழி தேடுவதைவிட, சுரண்ட மனமில்லாவிட்டால் எமல்ஷன் எஃபெக்ட்டுக்கே போவது நல்லது என்பது என் கருத்து. சுரண்டியபின் ஆணி ஓட்டைகளையும் கீறல்களையும் ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு சலித்த மணலும் கலந்த காரையால் அடைத்தார்கள். அங்கே புட்டி வைத்து அடைத்தால் அந்த இடம் மட்டும் வேறு அளவு தண்ணீர் குடிக்கும், கடைசிக் கோட் வரை திட்டாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

சுண்ணாம்புக்கு ஒன்றரைக் கிலோ சுட்ட சிப்பிச் சுண்ணாம்பு எடுத்தார்கள். நீற்றும்போது இரும்பு வாளியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் சடாரென்று பொங்கித் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், எரியக்கூடிய வாயுவும் கிளம்பும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

நீற்றிய களியைத் தண்ணீர் மேலே நிற்கும்படி மூடி வைத்தார்கள். ஒரு நாள் போதும் என்பார்கள், ஒரு வாரம் வைத்தால் நீறாமல் நின்ற சிறு கட்டிகளும் கரைந்து களி வெண்ணெய்ப் பதமாகிவிடும். பொடியாக விற்கும் நீற்றிய சுண்ணாம்பு வாங்கினாலும் ஒரு இரவு ஊற வைப்பது நல்லது. ஆனால் மூட்டை பழையதாக இருந்தால் கவனம். மூட்டையிலேயே காற்றுப் பட்டு அது பாதி கல்லாகியிருக்கும். ஒரு சிட்டிகைப் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது ஏற்கனவே கார்பனேட் ஆகிவிட்டது, சுவரில் பிடிக்காது. நல்ல சுண்ணாம்பு அனேகமாக நுரைக்காமல் கரையும்.

ஒன்றரைக் கிலோவிலிருந்து ஏறத்தாழ 3 லிட்டர் களி கிடைத்தது. அதில் 6 லிட்டர் தண்ணீர் சேர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டினார்கள். பதம் நீர்த்த பால் அளவு. பிரஷ்ஷை முக்கித் தூக்கினால் ஒழுக வேண்டும், திரண்டு நிற்கக் கூடாது. இந்த 9 லிட்டர் 120 சதுர அடிக்கு நான்கு கோட் வரும், ஓரளவு மிஞ்சும்.

நிறத்துக்கு மஞ்சள் காவி 100 கிராம். சுண்ணாம்பு கடுமையான காரம், அதில் எல்லா நிறமும் தாங்காது. மஞ்சள் காவி, செங்காவி, கறுப்பு இரும்பு ஆக்சைடு போன்ற மண்நிறங்கள் தாங்கும். துணிச்சாயம் போன்றவை சில வாரங்களில் வெளுத்துவிடும். அளவிலும் எல்லை உண்டு: உலர்ந்த சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தூளைப் பிடித்து வைக்கச் சுண்ணாம்புக்குச் சக்தி போதாது, தொட்டால் நிறம் கையோடு வரும். இந்தக் கணக்கில் 100 கிராம் அந்த எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. அடர்ந்த சிவப்பு, கருநீலம் எல்லாம் சுண்ணாம்பில் கேட்கக் கூடாது. அது தருவது வெளிர் நிறங்களைத்தான்.

காவியை முதல் நாளே வெந்நீரில் கரைத்து ஊற வைத்தார்கள். நேரடியாகத் தூளைப் போட்டால் சுவரில் கோடு கோடாக இழுக்கும்.

முதல் கோட் வெறும் வெள்ளை. அதற்கு முன் கை ஸ்பிரேயரால் சுவரை நனைத்தார்கள், ஓடும் அளவுக்கு அல்ல, கருக்கும் அளவுக்கு. பிறகு அகலமான பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக, எக்ஸ் போட்டாற்போல் இழுத்து மேலிருந்து கீழே வந்தார்கள். பழைய காலத்தில் இதற்குத் தாழை விழுதை நசுக்கிச் செய்த மட்டையைப் பயன்படுத்துவார்கள். நார் முரடாக இருப்பதால் கோடுகள் தானாகவே ஏற்றத்தாழ்வோடு விழும். ரோலர் வேண்டாம், அது எல்லாவற்றையும் சமமாக்கிவிடும்.

முதல் கோட் முடிந்ததும் வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். சுவரில் ஈரம் தெரிந்தது, வெள்ளை தெரியவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணுமே பிடிச்ச மாதிரி இல்லையே? கொஞ்சம் கட்டியா அடிக்கப்பிடாதா?"

"நாளைக்குக் காலத்தே வந்து பாருங்கம்மா. இன்னைக்குக் கட்டியா அடிச்சா நாளைக்குப் பொளந்துரும்."

இந்த ஓர் இடத்தில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். துகள்களுக்கு இடையே தண்ணீர் நிரம்பியிருப்பதால் ஒளி நேராக ஊடுருவிப் போய்விடுகிறது. தண்ணீர் போய் அந்த இடைவெளியில் காற்று வந்ததும் ஒளி சிதறத் தொடங்கும், வெள்ளை மேலே வரும். இது தெரியாதவர்கள் அப்போதே தடித்து அடித்துவிடுவார்கள். தடித்த பூச்சு உலரும்போது சுருங்கி, தலைமுடி அளவு விரிசல் விழுந்து, பிறகு செதிலாகும். மறுநாள் காலை அந்தச் சுவர் நன்றாகவே வெளுத்திருந்தது.

இரண்டாவது, மூன்றாவது கோட்டில் காவி சேர்த்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஒரு முழு நாள். ஒவ்வொரு முறையும் சுவரை லேசாக நனைத்த பிறகே பூச்சு. நான்காவது கோட்டுக்கு மூன்றாவதில் மிஞ்சியதைப் பாதிக்குப் பாதி வெள்ளைச் சுண்ணாம்போடு கலந்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முழுதாக மூடாமல், அங்கங்கே கீழ்நிறம் தெரியும்படி இழுத்தார்கள். ஆழம் முக்கியமாகத் தெரிவது இந்தக் கடைசிக் கோட்டால்தான். அடர்ந்த நிறம் கீழே, வெளிர் நிறம் மேலே, இரண்டுக்கும் இடையில் ஒளி.

ஒரு சுவரின் ஒரு கோட் அடிப்பதை இரண்டு நாளாகப் பிரிக்கக் கூடாது. நிறுத்திய இடத்தில் ஈரமான ஓரம் உலர்ந்துவிட்டால் அங்கே ஒரு கோடு நிரந்தரமாக நிற்கும். மூலையில் தொடங்கி மூலையில் முடிப்பதே முறை, பெரிய சுவரென்றால் இரண்டு பேர் சேர்ந்து.

சுருக்கமாக: நீர்த்த பதம், நனைத்த சுவர், கோட்டுக்கு ஒரு நாள், கடைசிக் கோட் வெளிறியது.

## கெட்டுப்போனதை எப்படி அறிவது

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்துக் கறுப்புத் துணியால் சுவரை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் தடம் மட்டும் விழுந்தால் சரி, நாள் ஆக ஆக அதுவும் குறையும். துணி முழுக்க மாவாக வந்தால் சுவர் சீக்கிரம் உலர்ந்துவிட்டது என்று பொருள். அப்படியானால் உதிர்வதைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் தண்ணீரை மென்மையாகத் தெளித்து, அதன்பின் மிக நீர்த்த ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் நிற்கும். தேய்த்தால் மாவாக வராமல் நகத்தால் கீறும்போது தாள் மாதிரிக் கிளம்பினால் அது வேறு குறை: அடியில் எமல்ஷன் மிஞ்சியிருக்கிறது. அந்த இடத்தைச் சுரண்டாமல் தீராது.

பொடி உதிராமல் இருக்கக் கார்பெண்டர் வெள்ளைப் பசையைக் கலப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் விட்டால் சட்டையில் ஒட்டுவது குறையும், உண்மை. அளவு கூடினால் அது மேலே பிளாஸ்டிக் தோலாகிவிடும், காற்று உள்ளே போகாது, சுண்ணாம்பு கல்லாகாது. பழைய முறையில் உப்பும் சேர்ப்பார்கள், ஈரத்தைப் பிடித்து வைக்க. கடலோர வீட்டில் அதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அங்கே சுவரில் ஏற்கனவே இருக்கிற உப்பே அதிகம்.

இன்னொரு வரம்பும் தெரிந்திருக்க வேண்டும். அடுப்படி எண்ணெய், குளியலறைத் தண்ணீர், பிள்ளைகள் பென்சிலோடு உட்காரும் மூலை, இந்த மூன்று இடமும் சுண்ணாம்புக்கு ஆகாது. கறை உள்ளே இறங்கிவிடும், சோப்புப் போட்டுத் தேய்க்க முடியாது. புளி, எலுமிச்சை போன்ற புளிப்பு பட்டால் சுண்ணாம்பு அரிக்கப்பட்டுத் தடம் நிற்கும்.

## டெக்ஸ்சர் பெயிண்ட்: நிழலால் வரும் ஆழம்

டெக்ஸ்சரில் ஆழம் வருவது வேறு வழியில். அது அக்ரிலிக் பசையில் சலவைக்கல் பொடியோ மணலோ கலந்த தடித்த குழம்பு. கரணையாலோ கோடு போட்ட ரோலராலோ இழுத்தால் மேடு பள்ளம் உருவாகும். ஒவ்வொரு மேடும் ஒரு குட்டி நிழல் போடும். சாய்வான வெளிச்சம் இல்லாத சுவரில் அந்த நிழல் விழாது. பட்டப்பகலில் நேர் வெளிச்சம் விழும் சுவரில் டெக்ஸ்சர் அடித்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்பவர்களுக்கு விடை இதுதான். மேலே இருந்து சுவரை ஒட்டி ஒரு விளக்கு போட்டால் இரவிலாவது தெரியும்.

எமல்ஷன் சுவரில் பிரைமர் அடித்து டெக்ஸ்சர் போடலாம், சுரண்ட வேண்டாம். அந்த வசதி பெரியது. பதிலுக்கு, நம் ஊர் ஈரத்தில் பள்ளங்களில் தூசி உட்கார்ந்து அதன்மேல் பூஞ்சை பிடிக்கும். டெக்ஸ்சர் மனதுக்குப் பிடிக்காமல் போனால் அதை எடுப்பதும் பெரும்பாடு, சுவர்ப்பூச்சோடு சேர்ந்து வரும். அதனால் காற்றோட்டம் உள்ள ஒரே ஒரு சுவருக்கு மட்டும் போதும் என்பேன்.

## ஸ்டென்சில்: சுண்ணாம்பின் மேல் ஒரு வடிவம்

ஸ்டென்சில் என்பது வடிவம் வெட்டிய ஒரு தாள், அதைச் சுவரில் வைத்து ஓட்டை வழியே நிறத்தை ஒற்றுவது. இதில் ஆழம் வேண்டுமென்றால் வடிவத்தின் நிறம் சுவரின் நிறத்திலிருந்து ஒரே ஒரு படி மட்டும் விலகியிருக்க வேண்டும். கறுப்பில் ஒற்றினால் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி மேலே நிற்கும். அதே காவியைச் சற்றே கூட்டி ஒற்றினால் சுவருக்குள்ளேயே இருப்பது போல அமரும், வெளிச்சம் மாறும்போது தெரிந்தும் மறைந்தும் இருக்கும்.

தக்கலை வீட்டில் சுவரின் மேல் ஓரத்தில், கூரைக்கு அரை அடி கீழே, புள்ளிக் கோலத்தின் ஒரு துண்டை வரிசையாக ஒற்றினார்கள். தடித்த பிளாஸ்டிக் ஷீட்டில் கத்தியால் வெட்டிய வடிவம். இதற்கு மட்டும் சுண்ணாம்பைக் களியாகவே, தண்ணீர் விடாமல் எடுத்து, காவி சேர்த்து, குட்டையான பிரஷ்ஷில் தொட்டு, ஒரு பழைய துணியில் இரண்டு மூன்று முறை ஒற்றி ஏறக்குறைய உலர்த்திய பிறகே சுவரில் குத்திக் குத்தி ஒற்ற வேண்டும். பிரஷ்ஷில் ஈரம் இருந்தால் ஷீட்டின் அடியில் ஊர்ந்து ஓரம் கலங்கிவிடும். ஒட்டும் டேப்பும் சுண்ணாம்புச் சுவரில் வேண்டாம், எடுக்கும்போது பூச்சையும் கொண்டுவரும். ஒருவர் ஷீட்டைப் பிடிக்க, இன்னொருவர் ஒற்றுவதுதான் நல்லது. சுவர் முழுதாகக் கெட்டியாக ஒரு மாதமாவது விட்டுவிட்டு ஸ்டென்சிலுக்கு வந்தால் இந்தத் தொல்லையெல்லாம் பாதியாகக் குறையும்.

மிஞ்சிய நிறச் சுண்ணாம்பை வீணாக்க வேண்டாம். மூடி இறுக்கமான டப்பாவில், மேலே இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி வைத்துவிடுங்கள். காற்றுப் படாத வரை அது கல்லாகாது. நாற்காலி உரசி எங்காவது கீறல் விழுந்தால், அதே கலவையை நீர்த்து, கீறலோடு நிறுத்தாமல் சுற்றிலும் ஒரு கையகலம் லேசாக இழுத்து மங்கவிட்டால் ஒட்டுப் போட்டது தெரியாது. புதிதாகக் கலந்த சுண்ணாம்பில் அந்த நிறம் மறுபடி அப்படியே வருவது மிகக் கடினம், அதனால்தான் முதலிலேயே ஒரு லிட்டர் கூடுதலாகக் கலந்து வைப்பது.